வணக்கத்தின் வேகம்

தில்லி ஆகாசவாணியில் பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்து 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணசாமி, நிலையத்தின் பெயரை முதலிலும், வாசிக்கப்படுவது செய்திகள் என்பதை அடுத்தும், தம் பெயரை இறுதியிலும் சொன்னதால், தாம்பரத்து வீட்டில் வானொலி கேட்டவரின் செவியும் முதல் செய்திக்கு முன்பே அக்குரலின் விரைவுக்குப் பழகிவிட்டது.

கிண்டியில் 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலியில், அதாவது சிறு வட்டாரத்துக்கு மட்டும் ஒலிபரப்பும் நிலையத்தில், நேயர் எந்நேரமும் வந்து சேரக்கூடும் என்பதால் 90.4 என்னும் அலைவரிசை எண்ணும் நிகழ்ச்சியின் தொடக்க வணக்கத்தோடு வர வேண்டும். தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படும் பாட்காஸ்ட்டுக்கு அந்த எண் வேண்டியதில்லை.

இரண்டிலும் உரத்த வணக்கத்துக்குப் பின் குரல் சட்டெனத் தளர்வதே பெருங்குறை. நிகழ்ச்சியின் முதல் பத்தியை வாசித்துப் பழகி, அதே வேகத்தில் வணக்கத்தைப் பதிந்தால் அது நீங்கும்.