டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?

வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குவியத் தொடங்கும். விமான டிக்கெட்டின் முதல் பக்கத்தை ஒருவர் போட்டோ எடுத்து அனுப்புவார். ஹோட்டல் முன்பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னொருவர் போடுவார். ரயில் டிக்கெட் பாதி வெட்டுப்பட்டு வந்து சேரும். எல்லாம் கையில் இருக்கும். ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. இந்தப் படங்களை நாள்வாரியான ஒரு அட்டவணையாக மாற்றுவது ஒரு மாலை நேர வேலைதான். அதைச் செய்யும்போது ஒரு விதியை மட்டும் விடக்கூடாது: டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த விமான நிலையம் இருக்கும் ஊரின் நேரம்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்குப் போகும் ஒரு பையன். 2026 அக்டோபரில் துபாய் வழியாகப் பாரிஸ், அங்கே நான்கு இரவுகள். பிறகு ரயிலில் சூரிச், அங்கேயும் நான்கு இரவுகள். சூரிச்சிலிருந்து துபாய் வழியாக வீடு திரும்புதல்.

முதல் வேலை, படத்தில் இருப்பதை எழுத்தாக்குவது. படத்தில் உள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும் வசதி இப்போது பெரும்பாலான கைபேசிகளிலேயே இருக்கிறது. ஆனால் டிக்கெட்டில் நேரங்கள் கட்டம் கட்டமாக இருப்பதால், எடுக்கும்போது புறப்படும் நேரமும் சேரும் நேரமும் இடம் மாறிவிடும். 3 என்பது 8 ஆகும். மூலையில் சின்னதாக இருக்கும் +1 காணாமல் போகும். மறுநாள்தான் போய்ச் சேருகிறோம் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே எழுத வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒரு வரி. தேதியோடு கிழமையையும் எழுதிவிடுங்கள். 10/11 என்று இருந்தால் அது நவம்பர் 10-ஆ, அக்டோபர் 11-ஆ என்பதைக் கிழமைதான் காட்டிக்கொடுக்கும்.

நம் குடும்பத்தின் போகும் பயணம் இப்படி வருகிறது:

அக்டோபர் 17, சனி: சென்னை 03:50 (சென்னை நேரம்) → துபாய் 06:40 (துபாய் நேரம்)
அக்டோபர் 17, சனி: துபாய் 08:20 (துபாய் நேரம்) → பாரிஸ் 13:30 (பாரிஸ் நேரம்)

முதல் வரியிலேயே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 17-ஆம் தேதி 03:50 என்பது வெள்ளிக்கிழமை இரவு விடியும் வேளை. ‘சனிக்கிழமை கிளம்புகிறோம்’ என்று வீட்டில் பேசிப் பேசி, சனிக்கிழமை இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அட்டவணையின் முதல் நாள் 17 இல்லை, 16. மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்றால் நள்ளிரவு 12:50-க்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 11:30-க்கு வீட்டிலிருந்து கார் கிளம்புகிறது என்பதுதான் அந்த நாளின் வரி.

அடுத்தது லேஓவர். இதைக் கணக்கிட எந்த நேர மாற்றமும் தேவையில்லை. துபாயில் இறங்குவதும் ஏறுவதும் துபாய் நேரம்தான்; 06:40-லிருந்து 08:20 வரை 1 மணி 40 நிமிடம். ஆனால் அது முழுவதும் கையில் இருக்காது. விமானத்தின் கதவு திறந்து வெளியே வர 20 நிமிடமாவது ஆகும். அடுத்த விமானத்தின் கேட், புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே மூடப்படும். மிச்சம் ஒரு மணி நேரம். அதற்குள் பாதுகாப்புச் சோதனையும் நீண்ட நடையும் இருக்கின்றன. பாட்டிக்கு நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலிக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும். அட்டவணையில் இந்த இடத்தில் ‘கடைகளுக்கு நேரமில்லை, நேராகக் கேட்’ என்று எழுதுவதுதான் நேர்மை.

இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கின்றனவா என்பதையும் இங்கேயே பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பெட்டிகளும் பெரும்பாலும் நேரே பாரிஸுக்குப் போய்விடும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் என்றால் நடுவில் இமிகிரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கலாம். அதற்கு விசாவும் தேவைப்படலாம். அப்போது 1 மணி 40 நிமிடம் போதவே போதாது.

மொத்தப் பயண நேரத்துக்குத்தான் நேர வித்தியாசம் வேண்டும். 03:50-லிருந்து 13:30-ஐப் பார்த்து 9 மணி 40 நிமிடம் என்று எண்ணிவிடக் கூடாது. கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்வரை பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதைக் கூட்டினால் 13 மணி 10 நிமிடம். பையனுக்கும் பாட்டிக்கும் உடம்பு உணரப்போவது இந்தக் கணக்கைத்தான். பாரிஸில் இறங்கும்போது சென்னையில் மாலை 5 மணி. இமிகிரேஷன், பெட்டி, ஊருக்குள் போகும் பயணம் எல்லாம் முடிந்து ஹோட்டலை அடைய உள்ளூர் நேரம் மாலை 4:30 ஆகிவிடும். நம் கணக்கில் இரவு 8. அன்றைக்கு ஈஃபில் கோபுரத்துக்கு டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.

ஹோட்டல் பக்கங்களை இரவுகளாக எண்ணுங்கள். பாரிஸ் 17 முதல் 21 வரை, சூரிச் 21 முதல் 25 வரை. ஒன்று முடியும் தேதியில் அடுத்தது தொடங்கினால் சரி. இடையில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தால் அந்த இரவு தங்க இடமில்லை என்று பொருள்.

திரும்பும் நாளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். 2026-இல் அது 25-ஆம் தேதி. நம் குடும்பம் கிளம்பும் அதே நாள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. மாற்றாமல் விட்டால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பார்கள், அவ்வளவுதான். இதுவே மார்ச் கடைசி ஞாயிறாக இருந்தால், கடிகாரம் முன்னுக்குப் போவதால் விமானத்தையே தவறவிடலாம். அந்த நாளின் வரிகள்:

அக்டோபர் 25, ஞாயிறு: சூரிச் 15:25 → துபாய் 00:35 +1
அக்டோபர் 26, திங்கள்: துபாய் 02:40 → சென்னை 08:15

துபாய் லேஓவர் 2 மணி 5 நிமிடம், நள்ளிரவில். ஞாயிறன்று கிளம்பினாலும் வீடு வருவது திங்கள் காலை. அன்றைக்குப் பையனுக்குப் பள்ளி விடுப்பு, அப்பாவுக்கு அலுவலக விடுப்பு இரண்டையும் அட்டவணையே சொல்லிவிடும்.

உறவினர்களுக்கு இந்த அட்டவணையை அனுப்பும்போது பி.என்.ஆர். எண்ணை நீக்கிவிடுங்கள். பல விமான நிறுவனங்களின் இணையதளத்தில் அந்த எண்ணும் குடும்பப் பெயரும் போதும், யார் வேண்டுமானாலும் முன்பதிவைத் திறந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. போட்டோவில் இருப்பது, அதை எடுத்த அன்றைய நேரம். விமான நேரங்கள் பிறகு மாறும். மாறியதை அந்தப் படம் சொல்லாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த தேதியை அதன் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒரு விமானம் அரை மணி நேரம் தள்ளிப்போனாலும் அந்த வரியைத் திருத்துவதோடு நிறுத்தாமல் அதற்கடுத்த லேஓவரையும் மறுபடி கணக்கிட வேண்டும். நம் குடும்பத்துக்குத் துபாயில் மிஞ்சும் ஒரு மணி நேரம் அப்போது அரை மணி நேரமாகிவிடும். விமான நிறுவனத்தை அழைத்து மாற்று விமானம் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.