கடல் தாண்டி வரும் பவர் பத்திரம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், கும்பகோணத்தில் வாழும் தங்கை என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா காலமான பிறகு ஊரில் உள்ள வீட்டை விற்க இருவருமே முடிவு செய்துவிட்டார்கள். வாங்குபவர் தயாராக இருக்கிறார். அண்ணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "ஒரு பவர் எழுதி அனுப்புங்கண்ணே, நான் கையெழுத்துப் போட்டுக்கிறேன்" என்கிறாள் தங்கை. பேசும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தாள் சிங்கப்பூரில் கையெழுத்தாகி, கும்பகோணத்தில் செல்லுபடியாகி, கடைசியில் கிரயப் பத்திரத்தில் போய் நிற்கும் வரை எந்த இடத்தில் வேண்டுமானாலும் தடைபடலாம். பெரும்பாலும் தடைபடுவது முதல் படியில், அதாவது பத்திரத்தை எழுதும்போதுதான்.

வெளிநாட்டில் எழுதிக்கொள்ளலாம் என்பதற்காக வாசகத்தையும் அங்கேயே தயாரிப்பது சரியல்ல. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தில் 'எனது எல்லாச் சொத்துகளையும் விற்க' என்று பொத்தாம் பொதுவாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் ஒரு குறிப்பிட்ட வீட்டின் கிரயத்தைப் பதிவு செய்யத் தயங்குவார். வரைவை ஊரில் உள்ள வழக்கறிஞரோ பத்திர எழுத்தரோ தயாரித்து மின்னஞ்சலில் அனுப்புவதே நல்லது. மூலப்பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், கதவு எண், நான்கெல்லை, பரப்பளவு ஆகியவை மூலப்பத்திரத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். வரைவு எழுதும் முன் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டால், பிறகு வரும் பல திருத்தங்கள் மிச்சமாகும்.

நம் பெயர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பத்திரத்தில் 'கு. முருகேசன்' என்று இருக்கும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறி 'முருகேசன் குமாரசாமி' என்று நிற்கும். வெளிநாட்டு அதிகாரிக்குக் கடவுச்சீட்டுதான் அடையாளம், சார்பதிவாளருக்கு மூலப்பத்திரம்தான் அடையாளம். இரண்டும் ஒரே ஆள் என்பதைப் பவரின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்: கடவுச்சீட்டில் இந்தப் பெயரிலும், இன்ன ஆண்டு இன்ன எண்ணுள்ள கிரயப் பத்திரத்தில் இந்தப் பெயரிலும் குறிப்பிடப்படும் நான், இன்னாரின் மகன், கடவுச்சீட்டு எண் இன்னது. இந்த ஒரு வரி இல்லாததால் திரும்பி வந்த பத்திரங்கள் ஏராளம்.

அதிகாரத்தின் எல்லையும் இங்கேதான் தீர்மானமாகிறது. இந்த ஒரு வீட்டை விற்பதற்கு மட்டும் என்றால் ஸ்பெஷல் பவர் போதும். தங்கையே ஆனாலும் இன்ன தொகைக்குக் குறையாமல் விற்க வேண்டும், அண்ணன் பங்குத் தொகை வங்கி வழியாக நேரே அண்ணன் கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதுவதில் தவறில்லை. அவநம்பிக்கையால் எழுதுவதல்ல அது. நாளைக்கு வேறொரு வாரிசு கேள்வி கேட்டால் தங்கையைக் காப்பாற்றும் வரிகள் அவை.

அடுத்தது கையெழுத்து. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுதிக் கொடுப்பவர் இந்தியாவில் வசிக்காதவர் என்றால், அவர் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி, மத்திய அரசின் பிரதிநிதி ஆகிய ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், அவர் அதற்குச் சான்றளிக்க வேண்டும். முன்னிலையில் என்பதுதான் உயிர். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரை மட்டும் வாங்கி வருவது, ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி இங்கே அச்செடுப்பது எதுவும் இந்தப் பிரிவுக்குள் வராது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கு இன்றும் வழிகாட்டுகிறது. ஜுக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் என்ற வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தின் உரிமையாளர் அமெரிக்காவில் இருந்தார். அங்கிருந்து நோட்டரி முத்திரையுடன் அவர் அனுப்பிய முதல் பவர் குறையுடையதாக இருந்தது. கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று நோட்டரி உறுதி செய்துகொண்டதற்கான வாசகம் அதில் இல்லை. பிறகு முறைப்படி சான்றளிக்கப்பட்ட இரண்டாவது பவரை அவர் அனுப்பினார். அதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, முதல் பவரைக் கொண்டு நடந்த கிரயத்தையும் அது உறுதிப்படுத்திவிட்டது என்றது. கிரயம் கடைசியில் நின்றது, ஆனால் உச்ச நீதிமன்றம் வரை நடந்த பிறகு. வெளிநாட்டு நோட்டரியின் சான்று செல்லும் என்பதும், அது வெறும் முத்திரையாக இருந்தால் போதாது என்பதும் இந்த ஒரே வழக்கில் தெளிவாகின்றன. ஆகவே நோட்டரி அறையை விட்டு வெளியே வரும் முன் அவருடைய சான்றை ஒருமுறை வாசிக்க வேண்டும். இன்னார் நேரில் வந்தார், கடவுச்சீட்டைப் பார்த்து அடையாளம் அறிந்தேன், என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் அண்ணனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இந்தியத் தூதரகம். அங்கே அச்சிட்ட பத்திரம், கடவுச்சீட்டு, புகைப்படம், இரண்டு சாட்சிகள் என்று அவர்கள் கேட்பதைக் கொண்டுபோய் அதிகாரி முன் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திடலாம். நம் ஊர் சார்பதிவாளர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்பது இந்திய அரசின் முத்திரையைத்தான். இரண்டாவது வழி, உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அந்த நாட்டு அரசின் அபோஸ்டில் வாங்குவது. 1961இல் உருவான ஹேக் ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் சான்று அது. இந்த நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே அது சொல்லும். பத்திரத்தின் வாசகம் சரியா, அதிகாரம் செல்லுமா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. இந்தியாவில் இந்த ஒப்பந்தம் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல், கனடாவில் 2024 ஜனவரி முதல். அமெரிக்காவும் பிரிட்டனும் பல காலமாக இதில் இருக்கின்றன. வளைகுடாவில் ஓமன், பஹ்ரைன், சவூதி அரேபியா சேர்ந்திருக்கின்றன. அமீரகம், கத்தார், குவைத் ஆகியவையும் மலேசியாவும் 2024 வரை சேரவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் இருப்பவருக்குத் தூதரகமே நேரான வழி. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் தங்களுக்குத் தூதரகம் சான்றளிக்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் அபோஸ்டில் பக்கம் போகலாம்.

பத்திரம் கூரியரில் கும்பகோணம் வந்து சேர்கிறது. இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, வந்து சேர்ந்த நாளிலிருந்து. தூதரகத்தில் கட்டிய கட்டணம் வேறு, இது வேறு. தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தங்கை அசல் பத்திரம், நகல், தன் அடையாள அட்டை, அண்ணனின் கடவுச்சீட்டு நகல் இவற்றோடு கூரியர் உறையையும் கொண்டுபோக வேண்டும். வந்து சேர்ந்த தேதிக்கு அந்த உறைதான் சாட்சி. பிரித்ததும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. யாராவது கையில் கொண்டு வந்திருந்தால், அவருடைய கடவுச்சீட்டில் இந்தியா வந்த தேதியின் முத்திரை உதவும். தீர்வை வாங்கிக்கொண்டு, முறைப்படி முத்திரையிடப்பட்டது என்று பத்திரத்தின் மேலேயே சான்று எழுதித் தருவார்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவது. யாருக்கு, எதற்காக அதிகாரம் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். போகும் அன்று அலுவலகத்தில் கேட்பதே சரி.

மூன்று மாதம் தாண்டினால் பவரே செத்துவிட்டது என்று சிலர் பயந்து புதிதாக எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அதிகாரம் அப்படியே இருக்கிறது. தீர்வை கட்டாத பத்திரம் என்ற குறை மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் அதைச் சாட்சியமாக ஏற்கவோ அதன் பேரில் பதிவு செய்யவோ முடியாது. அபராதத்தோடு சரிசெய்யலாம், அபராதம் குறைவுத் தீர்வையின் பத்து மடங்கு வரை போகலாம். இன்னொரு சந்தேகமும் அடிக்கடி எழும். இந்தியாவுக்குள் எழுதும் அசையாச் சொத்துப் பவரைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் எழுதியதற்கு அந்தத் திருத்தம் விலக்கு தருகிறது. அதற்குப் பதிலாக நிற்பது மேலே சொன்ன முன்னிலைச் சான்றும் தீர்வையும்தான். விடுமுறையில் ஊருக்கு வரும் வாய்ப்பு இருந்தால் அண்ணன் நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பவரைப் பதிவு செய்துவிட்டுப் போகலாம். இத்தனை அலைச்சலும் இல்லை.

கிரயம் நடக்கும் நாளில் சார்பதிவாளர் கேட்கும் இன்னொன்று உயிர்வாழ் சான்று. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று அண்மையில், வழக்கமாக 30 நாளுக்குள், வாங்கிய சான்று வேண்டும். காரணம் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் அன்றோடு முடிகிறது, மனநிலை தவறினாலும் முடிகிறது. தங்கைக்குத் தெரியாமலே அண்ணன் இறந்திருந்தால்கூட வாங்குபவரின் நிலை சிக்கலாகிவிடும். அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் சிலர், தமக்கு நினைவு தப்பினாலும் தொடரும் வகையிலான பவரை அங்கே எழுதி வைத்து, ஊர்ச் சொத்துக்கும் அதுவே போதும் என்று நம்புகிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் தரும் தொடர்ச்சி இங்கே உள்ள சொத்தை விற்கக் கைகொடுக்காது. நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலரை நியமித்துக்கொள்வதே அதற்கான வழி.

ஒன்று வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும். பவரை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, வீடு தனதாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பவர் என்பது ஒருவருக்காக இன்னொருவர் செயல்படும் அனுமதி, உரிமையை மாற்றுவது பதிவான கிரயப் பத்திரம் மட்டுமே. கும்பகோணம் வீட்டில் தங்கை அண்ணனின் முகவராகவும் தன் பங்குக்குத் தானாகவும் ஒரே கிரயப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்துப் போடுவார். அன்று முத்திரையிட்ட அசல் பவர் மேசையில் இருக்க வேண்டும். நகலை வைத்துப் பதிவு நடக்காது. வேலை முடிந்ததும் அந்த அசலைத் தூக்கிப் போடாமல் மூலப்பத்திரங்களோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த வீட்டை அவர் விற்கும்போது, வாங்க வருபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார்.