400 பேர் 1,600 பேர் ஆனது எப்படி? வேலை மனுவில் காட்டவேண்டிய கணக்கு!

"நான் நன்றாக வேலை செய்வேன்" என்று மனுப் போடுவது பழைய வழக்கம். கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப் மூலம் விளம்பரம் செய்யும் வேலைக்கு அந்த மனு போதாது. செய்த விளம்பரத்தால் என்ன பலன் என்று, மின்னஞ்சலிலேயே கணக்குக் காட்டவேண்டும்.

அந்தக் கணக்கில்தான் பலர் சறுக்கி விடுகிறார்கள்!

குன்னூரில் தேயிலை, சாக்லெட், நீலகிரித் தைலம் விற்கும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விளம்பரத்தைக் கவனித்துவந்த ஒரு பெண், கோவையில் உள்ள கம்பெனிக்கு மனு எழுதுகிறார்.

"மூன்றே மாதத்தில் 300 சதவீத வளர்ச்சி!" என்று முதலில் எழுதினார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதிலிருந்து எதுவரை? கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் 400 பேர். அது 1,600 ஆயிற்று. கூடியவர்கள் 1,200 பேர். அது 400-ஐப் போல 3 மடங்கு. அதனால் 300 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் 40 பேர் 160 பேர் ஆனாலும் அதே 300 சதவீதம்தான்! ஆகவே, சதவீதத்தை மட்டும் எழுதினால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். இரண்டு எண்களையும் எழுதிவிடவேண்டும்.

சீசன் செய்த வேலை

இன்னொரு கேள்வி: எந்த மூன்று மாதம்?

மார்ச், ஏப்ரல், மே என்றார் அவர். அங்கேதான் சிக்கல்! அது நீலகிரியின் சீசன். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. மலைக்கு வரும் கூட்டம் கடைப் பக்கத்தையும் தேடிப் பார்க்கும். விளம்பரம் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை ஏறும்.

அப்படியானால் சென்ற ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். அது நல்ல வழிதான். ஆனாலும் கவனம் வேண்டும். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல், நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆயிற்று. 2023 மே மாதம் அது இல்லை. இரண்டும் ஒரே மாதிரியான மாதங்கள் அல்ல.

எனவே அந்தப் பெண் வேறு மாதங்களை எடுத்தார். 2024 செப்டம்பர் முதல் நவம்பர் வரை. 2025-ல் அதே மாதங்கள். தீபாவளி இரண்டு ஆண்டுகளிலும் அக்டோபரில்தான் வந்தது. இப்போது ஒப்பிடுவதில் நியாயம் இருக்கிறது.

90 மட்டும் ஏன்?

பின்தொடர்பவர்கள் கூடினால் கல்லாவில் பணம் கூடிவிடுமா? கூடாது. ஆகவே விற்பனையைச் சொல்லவேண்டும்.

தபாலில் சரக்குக் கேட்டு 2024-ல் 40 ஆர்டர் வந்தது. 2025-ல் 145. விளம்பரத்தில் மட்டும் ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லி வாங்கியவர்கள் 90 பேர். மீதி 55 பேர் எப்படி வந்தார்கள் என்று தெரியாது. பழைய வாடிக்கைக்காரராகவும் இருக்கலாம். அதைத் தன் வெற்றி என்று எழுத முடியுமா? ஆகவே 90 என்றே எழுதினார்.

விளம்பரச் செலவு 18,000 ரூபாய். ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய். தள்ளுபடி போக, ஓர் ஆர்டரின் சராசரி விலை 650 ரூபாய். சரக்கும் தபால் செலவும் 350 ரூபாய். ஆக, கடைக்கு மிஞ்சியது ஆர்டருக்கு 100 ரூபாய். பெரிய லாபம் இல்லைதான். ஆனாலும் முதலாளி நம்பக்கூடிய கணக்கு!

கடைசியில் அவர் எழுதிய கடிதம் இது:

"ஐயா, குன்னூரில் ஒரு தேயிலைக் கடையின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் பக்கங்களை நான் கவனித்தேன். படம் எடுத்தது, எழுதியது, கட்டண விளம்பரம் போட்டது நான். வாடிக்கைக்காரருக்குப் பதில் எழுதியது கடைக்காரர். 2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ரூ.18,000 செலவில், குறியீடு மூலம் 90 ஆர்டர், ரூ.58,500 விற்பனை. யூடியூபில் எனக்கு அனுபவம் இல்லை."

எல்லாத் தளங்களின் பெயரையும் அடுக்காதது நல்லதாயிற்று. சிலர் இன்னும் "டிக்டாக் அனுபவம்" என்று எழுதுகிறார்கள். இந்தியாவில் அது 2020 ஜூன் 29-ந் தேதியே தடைசெய்யப்பட்டது. எந்த ஆண்டு பார்த்த வேலை என்று எழுதாவிட்டால் நேர்முகத் தேர்வில் விழிக்க நேரிடும்.

கடிதத்தோடு, தேதி தெரியும்படி எடுத்த கணக்குப் பக்கங்களின் படம் இரண்டையும் அவர் இணைத்தார். வேலையை விட்டபின் அந்தப் பக்கங்களைத் திறக்க அனுமதி போய்விடும்; முன்பே எடுத்து வைத்தால்தான் உண்டு. விற்பனைக் கணக்கு கடைக்காரருடையது. அதனால் அவரிடம் கேட்டுக்கொண்டு, கடையின் பெயரை மறைத்தே அனுப்பினார்.