ஆடியில் பேரம், தையில் விற்பனை

சென்னைப் புறநகரில் 25 ஆண்டுப் பழைய, இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று 60 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிப் புதுப்பித்து ஓராண்டுக்குள் விற்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, எத்தனை லட்சத்துக்கு விற்றால் கையைக் கடிக்காது என்று கணக்குப் போட்டுவிட வேண்டும்.

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கே 5.40 லட்சம் போய்விடும். தரகு 60 ஆயிரம். புதுப்பிக்க 8 லட்சம். 40 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் பத்து மாதத்துக்கு 3 லட்சம். பராமரிப்பு, மின்கட்டணம், விற்கும்போது தரும் தரகு எல்லாம் சேர்ந்து 1.20 லட்சம். ஆக, 78.20 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்.

புதுப்பிக்கும் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகும். வாங்கும் முன் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் குளியலறைக் கூரையைப் பாருங்கள். வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ பெயின்ட் உரிந்திருந்தாலோ நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் குளியலறை கசிகிறது. டைல்ஸை உடைத்து, துருப்பிடித்த ஜிஐ குழாய்களை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். புது டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்து, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடுத்து ஒயரிங், சமையலறை. பெயின்ட் கடைசி வேலை.

காலத்துக்கு நம் காலண்டரே துணை. ஆடியில் வாங்குபவர்கள் குறைவு என்பதால் பேரத்துக்கு அது நல்ல மாதம். பேசிவைத்து, வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் வக்கீல் பார்த்தபின் ஆவணிக் கடைசியில் பதிவு. புரட்டாசி முதல் கார்த்திகை வரை உள்வேலை; வடகிழக்குப் பருவமழை ஜன்னலோரக் கசிவையும் காட்டிக்கொடுத்துவிடும். மார்கழியில் பெயின்ட். தை பிறந்ததும் விற்பனைக்கு வைத்தால் மாசியில் அட்வான்ஸ், பங்குனியில் பதிவு என்று முடிக்கலாம். ஆனால் வாங்குபவரின் வங்கிக் கடனுக்கே ஒன்றரை மாதம் ஆகலாம். கட்டடத்தின் வயதையோ, அனுமதித்த வரைபடத்தை மீறிய கட்டுமானத்தையோ காட்டி வங்கி மறுத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆகவே வட்டிக் கணக்கை ஆனி வரை நீட்டித்தேன்.

வரியும் உண்டு. 24 மாதத்துக்குள் விற்றால் கிடைப்பது குறுகிய கால மூலதன ஆதாயம். உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரம்புக்கேற்ற வரி விழும். புதுப்பித்த செலவைக் கழிக்க பில் வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிய கணக்கு நிற்காது.

அக்கம்பக்கத்தில் புதுப்பித்த ஃபிளாட்டுகள் 84 லட்சத்துக்குப் போகின்றன என்றால், மிஞ்சுவது 5.80 லட்சம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு வரி போக 4 லட்சம்கூடத் தேறாது. ஒரு குழாய் உடைப்பும் மூன்று மாதத் தாமதமும் சேர்ந்தால் அதில் பாதி கரைந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பேன். விற்பவர் 55க்கு இறங்கினால் பதிவுச் செலவும் தரகும் கூடவே குறைந்து, அசல் தேறும் விலை 72.70 லட்சமாகிவிடும். அப்போது அட்வான்ஸ் கொடுக்கலாம்.