விழுப்புரத்தில் ஐந்து நிமிடம்

பிரிந்துபோன அம்மாவும் மகளும் ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். இந்தக் கதையை எழுதாத சிறுகதை எழுத்தாளர் குறைவு. நானும் எழுதினேன், நாலு தடவை. முதல் மூன்றும் ஏன் விளங்கவில்லை என்று யோசித்தபோதுதான் கதையின் சூட்சுமம் பிடிபட்டது.

முதல் பிரதியில் ரயில் நிலையம் வெறும் திரைச்சீலையாகத் தொங்கியது. அதை எடுத்துவிட்டுக் கோயில் பிராகாரத்தை மாட்டினாலும் கதை அப்படியே நடக்கும். அப்படி இருந்தால் இடம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆகவே விழுப்புரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து வரும் தடம் அங்கே பிரிகிறது. ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும். இன்னொன்று கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறைக்கு. மகள் திருச்சி வண்டியில் வருகிறாள். அம்மா மயிலாடுதுறை பாசஞ்சருக்காகக் காத்திருக்கிறாள். அவள் வாயில் அது இன்னும் மாயவரம்தான். மகளின் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும் என்று வைத்துக்கொண்டேன். கதை அந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

இரண்டாம் பிரதி கெட்டதும் இதனால்தான். பார்த்தவுடன் மகளுக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்து மூன்று பக்கம் ஓடியது. திரும்பி வரும்போது வாசகருக்கு வண்டியே மறந்துபோயிருந்தது. பிறகு ஒரு வழி செய்தேன். உரையாடலை வாய்விட்டுப் படித்து, இடையில் வர வேண்டிய மௌனத்தையும் விட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குள் அடங்காத பேச்சையெல்லாம் வெட்டினேன். இருபது வருஷச் சண்டைக்கு ஒரே வரி மிஞ்சியது: அம்மாவின் பார்வை மகளின் கழுத்துக்குப் போய், தாலியில் இருந்த சிலுவையைத் தொட்டுவிட்டுத் தண்டவாளத்துக்கு நகர்கிறது. என்ன கல்யாணம், யார் சம்மதிக்கவில்லை என்பதெல்லாம் தமிழ் வாசகருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் பிரதியில் மகள் காலில் விழுந்து அழுதாள், அம்மா இருமினாள். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

நாலாவதில்தான் முகத்தை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்தேன். மகள் குழாயடியில் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவி கேட்கிறாள்: "ஏம்மா, மாயவரம் வண்டி இங்கதான வரும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்." முன்பின் தெரியாத எந்தப் பெண்ணையும் நாம் 'அம்மா' போட்டுத்தானே கூப்பிடுகிறோம்! கதையில் அந்தச் சொல்லை முதலில் உச்சரிப்பது பெற்றவள். அதுவும் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். பாட்டில் நிரம்பி வழிகிறது. மகள் உடனே திரும்புவதில்லை.

திரும்பிய பிறகு ஒரு சங்கடம் வருகிறது. 'வாங்க' என்று தொடங்கியவள் இனி எப்படிப் பேசுவாள்? 'நீ' என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகும். 'நீங்க' என்றால் பெற்ற பிள்ளையை வேற்றாள் ஆக்கியதாகும். இந்த இக்கட்டுக்கு நம் பேச்சிலேயே ஒரு சந்து உண்டு. உறவு தெளிவில்லாத இடத்தில் நீயும் நீங்களும் இல்லாமலே பேசிவிடுவோம்.

"எங்க பயணம்?"

"திருச்சிக்கு."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ம்… தனியாவா?"

"துணைக்கு யாரு இருக்கா."

எந்த வரியிலும் முன்னிலை இல்லை. மகளும் அம்மாவை 'நீ' என்றே வளர்ந்தவள், அவளும் அதைத் தவிர்க்கிறாள். அழுகையோ மன்னிப்போ எழுதினால் இந்த இழுபறி வராது. மற்ற மொழிக்காரர் வேறு வழியில் காட்டட்டும். நமக்கு வினைமுற்றின் கடைசி எழுத்தே போதும்.

ஊதல் கேட்கிறது. வண்டியைத் தவறவிடச் செய்யலாம், ஆனால் அது எழுதுபவனின் சௌகரியம். அறிவிப்பு ஒலித்து முக்கியமான வாக்கியத்தை மூழ்கடிப்பதும் அப்படித்தான். மூன்று மொழியில் ஒலிக்கும் அதை எத்தனை கதைகளில் கேட்டாயிற்று! என் கதையில் வண்டி நகர்கிறது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அவசரத்தில் அம்மாவின் வாயிலிருந்து தவறி விழுகிறது:

"ஓடுடி, வண்டி போவுது பாரு!"

கதை 'டி'யில் வந்து நிற்கிறது. அது சமாதானமா, பழக்கதோஷமா என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தீர்மானமில்லை.

மகள் ஓடி ஏறிக்கொள்கிறாள். பாட்டில் அம்மாவிடம் இருக்கிறது, மூடி மட்டும் இவள் கையில். அந்த மூடியை வைத்து மேலும் பதினோரு வரி எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்து அடித்தேன்.