பத்து மணிக்கு மேல் வேலை இல்லை: கடை ஊழியரின் நியமனக் கடிதத்தில் ஒரு பத்தி

தமிழ்நாட்டில் ஒரு ஜவுளிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ விற்பனை உதவியாளராகச் சேர்பவருக்குத் தரப்படும் நியமனக் கடிதத்தில், வேலை நேரம் பற்றிய பத்தி நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு வேலை தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, இடைவேளை எப்போது, வார விடுமுறை எந்த நாள், கூடுதல் நேரம் வேலை செய்தால் என்ன ஊதியம் என்பவையே அவை. இவை நான்கிலும் எல்லைகளை வகுத்திருப்பது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். கடை முதலாளி அந்த எல்லைக்குள் எந்த ஏற்பாட்டையும் செய்துகொள்ளலாம். சட்டம் சொல்வதைவிடத் தாராளமாகவும் தரலாம். அதற்குக் குறைவாக எழுதி ஊழியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாலும், அந்தக் கையெழுத்தால் ஊழியரின் சட்ட உரிமை போய்விடாது.

கடைகளில் வழக்கமாகக் காணப்படும் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தங்கள் பணி நேரம் காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. மதிய உணவுக்கு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பண்டிகைக் காலங்களில் விடுமுறை ரத்து செய்யப்படும். தேவைப்படும்போது கூடுதல் நேரம் பணிபுரிய வேண்டும். அதற்கான ஊதியம் மாதச் சம்பளத்திலேயே அடங்கும்.”

மேலோட்டமாகப் படித்தால் இதில் குறையொன்றும் தெரியாது. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால்தான், ஆறு வாக்கியங்களில் ஒன்றுகூட அப்படியே தேறாது என்பது புரியும்.

வேலை நேரம்

கடை ஊழியருக்குச் சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணிக்கு மேலோ, ஒரு வாரத்தில் 54 மணிக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. ஓய்வு நேரம் இந்தக் கணக்கில் சேராது.

மேலே உள்ள பத்தியில் 9.30 முதல் 9.30 வரை 12 மணி நேரம். உணவு இடைவேளையைக் கழித்தால் 11 மணி நேர வேலை. ஆறு நாளைக்கு 66 மணி. வாரத்துக்கு 48 மணி என்ற சாதாரண அளவைவிட இது 18 மணி அதிகம். கூடுதல் ஊதியம் கொடுத்தாலும் தாண்டக் கூடாத 54 மணியைவிடவும் 12 மணி அதிகம். கடை திறந்திருக்கும் நேரத்தையே ஊழியரின் வேலை நேரமாக எழுதிவிடுவதால் வரும் கோளாறு இது. கடை பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கலாம். ஒரே ஊழியர் அத்தனை நேரமும் நிற்க முடியாது. அதற்குத்தான் ஷிப்ட். ஒருவர் காலையில் வந்து மாலையில் போக, இன்னொருவர் மதியத்துக்கு முன் வந்து இரவு வரை இருப்பார். கடிதத்தில் எழுத வேண்டியது அந்த ஊழியரின் ஷிப்ட் நேரம்.

வேலை நேரம் எங்கிருந்து கணக்காகிறது என்பதையும் பத்தி சொல்ல வேண்டும். ஷட்டரைத் தூக்குவதற்கு அரை மணி முன்பே வந்து கூட்டித் துடைத்துச் சரக்கை அடுக்குவது, இரவு ஷட்டரை இறக்கிய பிறகு பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து வைப்பது, இருப்பு எடுப்பது எல்லாமே வேலைதான். “வருகைப் பதிவிலிருந்து வெளியேறும் பதிவு வரை, ஓய்வு இடைவேளை நீங்கலாக” என்று எழுதிவிட்டால் இந்த அரை மணிகள் கணக்கில் வந்துவிடும். எழுதாமல் விட்டால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வரை சத்தமில்லாமல் கரைந்துபோகும்.

இடைவேளை

தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்க வேண்டுமானால், அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தந்திருக்க வேண்டும். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் 8 மணி, 10 மணி வரம்புகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருத்தம் விளங்கும்.

எட்டு மணி நேர வேலைக்கு ஒரே ஒரு இடைவேளை போதும், ஆனால் அது சரியாக நடுவில் விழ வேண்டும். காலை 10 மணிக்கு வருபவர் மதியம் 2 வரை வேலை செய்கிறார். 2 முதல் 3 வரை ஓய்வு. 3 முதல் மாலை 7 வரை மீண்டும் நான்கு மணி நேரம். இதே ஊழியரை 1 மணிக்கே சாப்பிட அனுப்பி 2 மணிக்கு அழைத்துக்கொண்டால், 2 முதல் 7 வரை தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் ஆகிவிடும். மொத்த வேலை நேரம் எட்டுதான், இடைவேளையும் ஒரு மணிதான். இருந்தும் விதி மீறப்படுகிறது. “உணவு இடைவேளை உண்டு” என்று மட்டும் எழுதாமல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

அதே ஊழியர் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்யும் நாளில் 7 மணிக்கு இரண்டாவது ஓய்வு வர வேண்டும். 7 முதல் 8 வரை ஓய்வு, 8 முதல் 10 வரை வேலை. பத்து மணி நேர வேலையும் இரண்டு மணி நேர ஓய்வும் சேர்ந்து சரியாகப் பன்னிரண்டு. சட்டம் அனுமதிக்கும் மிக நீண்ட நாள் இதுதான்; இதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கும் இடமில்லை. மதியம் ஒரு மணி இடைவேளையை மட்டும் கொடுத்து 9.30 முதல் 9.30 வரை நிறுத்துபவர், பன்னிரண்டு மணி வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நினைக்கலாம். ஆனால் அங்கே இரண்டாவது இடைவேளை காணாமல் போய், வேலை பதினொரு மணியாகிவிட்டது.

இடையில் தரும் பத்து நிமிட டீ நேரத்தை இந்த ஒரு மணி ஓய்வாகக் காட்ட முடியாது. மூன்று டீ இடைவேளையையும் அரை மணி சாப்பாட்டையும் கூட்டி ஒரு மணி என்று கணக்குச் சொல்வதும் செல்லாது.

வார விடுமுறை

ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. தினக்கூலி என்ற பேச்சில் வேலைக்கு வைத்திருந்தாலும் விடுமுறை நாளுக்கு ஊதியம் உண்டு. சட்டத்தின் பொது விதிப்படி, கடையே வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடியிருக்க வேண்டும். அது எந்த நாள் என்ற அறிவிப்பைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிரந்தரமாக மாட்டியிருக்க வேண்டும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. பின்னர் அது நீட்டிக்கவும்பட்டது. ஆனால் அந்தச் சலுகை கடைக்குத்தான். ஊழியருக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தந்தே ஆக வேண்டும், அன்று யார் யார் விடுமுறை என்பதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். பெண் ஊழியரை இரவு 8 மணிக்கு மேல் பணியில் வைக்க அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும்.

ஆகவே “பண்டிகைக் காலங்களில் விடுமுறை ரத்து” என்ற வாக்கியத்துக்கு இடமே கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட முடியாது என்றால், அந்த வாரத்திலேயே வேறொரு நாளுக்கு விடுமுறையை மாற்றலாம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்களும் 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி வருபவை. அவற்றை வார விடுமுறைக் கணக்கில் கழிக்கக் கூடாது.

கூடுதல் நேர ஊதியம்

கடைகளில் ஓ.டி. என்று சொல்லப்படும் கூடுதல் நேரத்துக்குச் சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும். இங்கே சச்சரவு எழுவது பெரும்பாலும் “இரு மடங்கு” என்பதில் அல்ல. ஒரு மணி நேர ஊதியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான்.

மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வார விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால், ஒரு நாள் ஊதியம் 600 ரூபாய். எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய், ஓ.டி. மணிக்கு 150 ரூபாய். இதையே 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 520, மணிக்கு 65, ஓ.டி. 130 ரூபாய். பணிக்கொடை கணக்கிடும்போது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஓ.டி.க்கும் அதே வகுத்தியைக் கடிதத்தில் எழுதிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். தொகையையே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

வாரத்துக்கு 54 மணி என்ற உச்சவரம்பால், ஓ.டி. வாரத்துக்கு ஆறு மணியைத் தாண்டாது. தினமும் இரண்டு மணி என்றால் மூன்று நாளைக்குத்தான் வரும். மேற்கண்ட சம்பளக்காரருக்கு அதற்கான தொகை 900 ரூபாய். வாரத்துக்கு 66 மணி வேலை வாங்கும் அந்தக் கடையிலோ 18 மணி கூடுதல் வேலை நடக்கிறது. இரு மடங்கு விகிதத்தில் அதன் மதிப்பு வாரத்துக்கு 2,700 ரூபாய். “சம்பளத்திலேயே அடங்கும்” என்ற இரண்டு சொற்கள் விழுங்குவது இந்தத் தொகையைத்தான்.

திருத்தி எழுதிய பத்தி

“தங்கள் பணி நேரம் காலை 10 முதல் மாலை 7 வரை, இதில் பிற்பகல் 2 முதல் 3 வரை ஓய்வு இடைவேளை. வருகைப் பதிவிலிருந்து வெளியேறும் பதிவு வரையுள்ள நேரம், இடைவேளை நீங்கலாக, பணி நேரமாகக் கருதப்படும். வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. இதற்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. விடுமுறையை மாற்ற நேர்ந்தால் மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்து, அதே வாரத்தில் வேறு நாள் வழங்கப்படும். நாளொன்றுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 48 மணிக்கு மேற்பட்ட பணிக்கு மணிக்கு 150 ரூபாய் வழங்கப்படும். கூடுதல் நேரத்தையும் சேர்த்துப் பணி நேரம் நாளொன்றுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டாது. மாலை 7 மணிக்கு மேல் பணி தொடரும் நாளில் 7 முதல் 8 வரை இரண்டாவது இடைவேளை உண்டு. கூடுதல் நேர ஊதியம் அந்தந்த மாதச் சம்பளத்துடன், சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டி வழங்கப்படும்.”

மூன்று நாள் முன்னறிவிப்பு என்பது சட்டம் சொல்வதல்ல. இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளக்கூடிய ஒன்று. மற்றவை சட்டத்தின் வரம்புகளையொட்டி எழுதப்பட்டவை.

கையெழுத்துப் போடும் முன் பதவியின் பெயரையும் பார்க்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் கவுன்டரில் நின்று துணி காட்டுபவருக்கே “மேலாளர்” என்று பட்டம் கொடுத்துவிட்டு ஓ.டி. கிடையாது என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அவர் யாரை மேற்பார்வையிடுகிறார், எதைத் தாமே முடிவு செய்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் நிர்வாகத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பட்டத்தை மட்டும் வைத்து அல்ல. கடிதத்தின் நகலோடு, தினமும் வந்த நேரம், ஓய்வு எடுத்த நேரம், கிளம்பிய நேரம் ஆகியவற்றை ஊழியர் தமக்கென ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. கணக்கில் தகராறு வந்து தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் போக நேர்ந்தால், கடையின் பதிவேட்டுக்கு எதிரில் வைத்துக் காட்ட அவரிடம் இருக்கப்போவது இந்த இரண்டும்தான்.