லேபிளில் மறைந்திருக்கும் கிராம்

தையல் போடும் அறையில் இருக்கும் மரப்பு ஊசி மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘லிக்னோகெயின் 2%, அட்ரினலின் 1:2,00,000’ என்று லேபிளில் இருக்கும். லிக்னோகெயின் வலியை மரக்கச் செய்கிறது. அட்ரினலின் அந்த இடத்து ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மரப்பு மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் பிடித்து வைக்கிறது. ஒரே புட்டிக்குள் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றின் அளவு சதவீதத்திலும் மற்றொன்றின் அளவு விகிதத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மருத்துவர் சொல்லும் அளவு மில்லிகிராமில் இருக்கும். சிரிஞ்சில் இருக்கும் கோடுகளோ மில்லிலிட்டருக்கானவை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த இரண்டையும் இணைக்க முடியும். அதை இந்த எண்கள் நேராகச் சொல்வதில்லை, நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

சதவீதம் என்றதும் பள்ளிக்கூட வட்டிக் கணக்கு நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் சற்று வேறு. 2% என்றால் 100 மி.லி. கரைசலில் 2 கிராம் மருந்து இருக்கிறது. ‘கிராம்’ என்ற சொல் லேபிளில் இல்லை, நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும். 2 கிராம் என்பது 2,000 மி.கி.; அதை 100ஆல் வகுத்தால் மி.லி.க்கு 20 மி.கி. சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் இதே விடை வரும். 1% என்றால் 10 மி.கி., 0.5% என்றால் 5 மி.கி. மருந்தாளுநர்கள் தராசில் மருந்தை நிறுத்து, நூறு மில்லிலிட்டராகக் கரைத்துக் கொடுத்த காலத்து எழுத்துமுறை இது. தராசு போய்விட்டது, எழுத்துமுறை மட்டும் தங்கிவிட்டது.

விகிதத்திலும் அதே கிராம்தான் மறைந்திருக்கிறது. 1:1,000 என்றால் 1 கிராம் மருந்து 1,000 மி.லி. கரைசலில் இருக்கிறது. 1,000 மி.கி.யை 1,000 மி.லி.யால் வகுத்தால் மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் 0.1 மி.கி. நம் புட்டியில் இருக்கும் 1:2,00,000க்கும் இப்படியே 1,000ஐ 2,00,000ஆல் வகுத்தால் 0.005 மி.கி., அதாவது 5 மைக்ரோகிராம் வரும்.

கண்ணை ஏமாற்றும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. சதவீதத்தில் எண் பெரிதானால் மருந்தின் வீரியம் கூடும், விகிதத்தில் எண் பெரிதானால் குறையும். 1:1,000, 1:10,000 இரண்டில் எது வீரியமானது என்று அவசரத்தில் கேட்டால், பெரிய எண்ணைப் பார்த்தவுடன் தவறாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. பத்தாயிரம் என்பது அதிகம் தண்ணீர் ஊற்றிய மோர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் புட்டியிலிருந்து ஒரு குழந்தைக்கு மருந்து எடுப்போம். 10 கிலோ எடையுள்ள குழந்தை, நெற்றியில் வெட்டுக்காயம். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்ச அளவாகப் பொதுவாக எடுத்துக்கொள்வது கிலோவுக்கு 7 மி.கி.; அட்ரினலின் இல்லாவிட்டால் இது இன்னும் குறையும். 10 கிலோவுக்கு 70 மி.கி. மி.லி.க்கு 20 மி.கி. என்பதால் உச்சவரம்பு 3.5 மி.லி. அதோடு உள்ளே போகும் அட்ரினலின் 17.5 மைக்ரோகிராம். 3.5 மி.லி. போதாத அளவுக்குக் காயம் நீளமாக இருந்தால், அதே அளவு நார்மல் சலைன் சேர்த்து 1% ஆக்கி 7 மி.லி.யாகப் பரப்பலாம். அளவு இரட்டிப்பானாலும் மில்லிகிராம் கூடவில்லை.

2% என்பதை 2 மி.கி. என்று ஒருவர் படித்துவிட்டால் என்ன ஆகும்? 70ஐ 2ஆல் வகுத்து 35 மி.லி. வரை போடலாம் என்ற விடை வரும். புட்டியில் இருப்பதே 30 மி.லி.தான். ஒரு சிறு குழந்தைக்கு முழுப் புட்டியும் போதாது என்று கணக்கு சொன்னால், தப்பு கணக்கில் இருக்கிறது. ஆனால் யாரும் 35 மி.லி. போட மாட்டார்கள் என்று ஆறுதல் கொள்ள முடியாது. வரம்பு வெகு தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் தாராளமாக 10 மி.லி. போட்டாலே 200 மி.கி. ஆகிவிடும். லிக்னோகெயின் ரத்தத்தில் அதிகமானால் வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு தசைத்துடிப்பு, வலிப்பு என்று வரக்கூடும். முதல் மூன்றையும் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். அழுதுகொண்டிருக்கும் குழந்தையால் சொல்ல முடியாது. பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது வலிப்பாகவே இருக்கலாம்.

விகிதத்தின் ஆபத்து தனி அட்ரினலின் ஆம்பூலில் இன்னும் நெருக்கமானது. வழக்கமான ஆம்பூல் 1 மி.லி., 1:1,000, அதாவது மொத்தமே 1 மி.கி. கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறும் 15 கிலோ குழந்தைக்குத் தொடைத் தசையில் போட வேண்டியது கிலோவுக்கு 0.01 மி.கி., ஆக 0.15 மி.கி. ஆம்பூலிலிருந்து எடுக்க வேண்டியது 0.15 மி.லி. இதை 5 மி.லி. சிரிஞ்சில் அளக்க முடியாது, 0.01 மி.லி. கோடுகள் உள்ள 1 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். அதே குழந்தைக்கு இதயம் நின்றுபோனால், நரம்பு வழியே கொடுப்பதும் அதே 0.15 மி.கி.தான். ஆனால் அதற்கு 1:10,000 கரைசலை எடுப்பார்கள், அளவு 1.5 மி.லி. ஆகிவிடும். ‘1.5’ என்ற எண் மட்டும் நினைவில் நின்று, கையில் நீர்க்காத ஆம்பூல் இருந்தால், போவது 1.5 மி.கி.: பத்து மடங்கு. இங்கேயும் ஒரு தடயம் உண்டு. ஓர் ஆம்பூலில் 1 மி.லி.தான் இருப்பதால் 1.5 மி.லி.க்கு இரண்டாவது ஆம்பூலை உடைக்க வேண்டியிருக்கும். குழந்தைக்கான ஒரே ஊசிக்கு இரண்டாவது ஆம்பூலைத் தேடிக் கை போனால், உடைக்கும் முன் லேபிளை மறுபடி படிக்க வேண்டும்.

1:10,000 தயாராகக் கிடைக்காத இடத்தில், ஆம்பூலின் 1 மி.லி.யோடு 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்குவார்கள். சேர்ப்பது ஒன்பது, மொத்தம் பத்து. கலந்தவுடனே சிரிஞ்சில் ‘அட்ரினலின், 1 மி.லி.யில் 0.1 மி.கி.’ என்று ஒட்டிவிட வேண்டும். நீர்த்ததும் நீர்க்காததும் நிறமற்ற தண்ணீர் போலவே இருக்கும். பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தக் குழப்பத்தை 2008இல் ஒரு பரிசோதனை சோதித்தது. பொம்மை நோயாளியை வைத்து, குழந்தைக்கு வந்த கடும் ஒவ்வாமையாகப் பாவித்து, மருத்துவர்கள் சிலருக்கு விகித லேபிளும் சிலருக்கு மில்லிகிராம் லேபிளும் உள்ள அட்ரினலின் ஆம்பூல்களைக் கொடுத்தார்கள். விகிதம் கிடைத்தவர்கள் அளவுக்கு அதிகமாகவும் தாமதமாகவும் மருந்து கொடுத்தார்கள். தேர்ச்சி பெற்ற மருத்துவர்களே தடுமாறினார்கள் என்றால், தப்பைப் படித்தவர் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. அமெரிக்காவில் 2016 மே முதல் தனி மருந்து ஊசிகளின் லேபிளிலிருந்து விகிதத்தை எடுத்துவிட்டார்கள். மரப்பு மருந்தோடு கலந்த அட்ரினலினுக்கு மட்டும் அது தொடர்கிறது.

லேபிளில் மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த மில்லிகிராம் எதனுடையது என்று பார்க்க வேண்டும். அட்ரினலின் ஆம்பூலில் உப்பு வடிவமான பைடார்ட்ரேட் 1.8 மி.கி. இருந்தால்தான் அட்ரினலின் 1 மி.கி. ஆகும்; நாம் கணக்குப் போடுவது இந்த 1 மி.கி.யை வைத்து. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலிலோ மில்லிகிராமே போதாது. 15% என்றால் 1 மி.லி.யில் 150 மி.கி., 10 மி.லி. ஆம்பூலில் 1.5 கிராம், கணக்கில் தப்பில்லை. ஆனால் மருத்துவர் எழுதுவது மில்லி ஈக்விவலன்ட் அலகில், அந்தக் கணக்கில் அதே ஆம்பூல் 20. அதை நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதை எந்த அலகும் சொல்லாது.